பையின் காது ஏன் அறுகிறது?

பை கிழிந்துவிட்டது என்கிறோம். எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் துணி நன்றாகத்தான் இருக்கும். பிய்ந்து வந்திருப்பது காது. கடையில் துணியைத் தடவிப் பார்த்து வாங்கும் நாம், காதைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

ஒரு மாத மளிகையையே எடுத்துக்கொள்வோம். அரிசி 5 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், பருப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு கிலோ, இரண்டு தேங்காய் என்றால் ஏறக்குறைய 10 கிலோ. இரண்டு காதுகளுக்கும் சேர்த்து நான்கு முனைகள் இருப்பதால், முனைக்கு இரண்டரை கிலோ. அதைத் தாங்குவது பெரிய விஷயமில்லை. ஆனால் அவசரத்தில் ஒரு காதை மட்டும் ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினால் முனைக்கு 5 கிலோ ஆகிறது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும் குலுக்கலில் அது இரட்டிப்பாகலாம். பத்து கிலோ தாங்கும் என்று கடைக்காரர் சொன்னது, பை அசையாமல் தொங்கும்போது பொருந்தும் கணக்கு. ஆகவே, தூக்கப்போகும் எடையைப் போல இரண்டு மடங்கு தாங்கும் பையாகப் பார்த்து வாங்குவதே சரி.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பையை உள்புறம் வெளியே வருமாறு புரட்டுங்கள். காதின் முனை வாய் மடிப்புக்குள் அரை அங்குலம் மட்டும் செருகப்பட்டு, குறுக்கே ஒரே ஒரு தையல் ஓடியிருந்தால் அது நிலைக்காது. நல்ல பையில் முனை இரண்டு, மூன்று அங்குலம் கீழே இறங்கியிருக்கும். சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். எடை ஒரே வரியில் விழாமல் பரவுவதற்காகத்தான் இந்தப் பெருக்கல் குறி. இன்னும் உறுதி வேண்டுமென்றால் காது நாடா பையின் அடிவரை ஓடி, மறுபக்கம் ஏறி வர வேண்டும். அப்போது சுமையை நாடாவே ஏந்திக்கொள்ளும், துணிக்கு வேலை குறைவு.

நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைப்பதும் தவறு. ஊசி நெருங்கி நெருங்கிக் குத்தினால் துணியில் ஓட்டை வரிசை விழுந்து, தபால்தலைத் தாள் போலக் கிழியும். தடித்த துணிக்கு அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் போதும். பக்கத் தையலை இரு கட்டை விரல்களாலும் விரித்து இழுங்கள். நூல் பல்லைக் காட்டினால் கீழே வைத்துவிடலாம். ஓவர்லாக் மட்டும் போட்டு நேர்த்தையல் இல்லாத பைகளும் அப்படித்தான்.

சணலா, காடாத் துணியா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. சணல் இழை வலுவானது, ஆனால் நீளாது. வெடுக்கென்று இழுத்தால் விட்டுக்கொடுக்காமல் அறுந்துவிடும். பருத்தி கொஞ்சம் நீண்டு கொடுக்கும். நனைந்தால் பருத்திக்கு வலு கூடும், சணலுக்குக் குறையும். ஆகவே காய்கறி, மீன், பால் பாக்கெட் போன்ற ஈரச் சாமான்களுக்குப் பருத்திப் பை. உலர்ந்த மளிகைக்குச் சணல் பை. அது விறைப்பாக நிற்பதால் அடுக்கவும் வசதி.

பல சணல் பைகளின் உள்ளே பளபளப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அது பிளாஸ்டிக்தான். மாவும் தூசும் ஒட்டாது, ஈரமும் சட்டென்று வெளியே வராது. ஆனால் உள்ளே கசிந்த பால் அங்கேயே தங்கி நாறும். துணி உள்பை வைத்த பையென்றால் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்பை வெளிப்பையைவிடச் சற்றுப் பெரிதாகத் தொளதொளவென்று இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் எடை முழுவதும் மெல்லிய உள்பைமீது விழுந்து, முதலில் அதுதான் பிரியும்.

துவைப்பதிலும் இரண்டுக்கும் ஒரே முறை உதவாது. பருத்திப் பையைத் தாராளமாக ஊறவைத்து அடிக்கலாம். புதிதாக வாங்கியதை முதலில் தனியாக அலசுங்கள். சாயம் போகும், கொஞ்சம் சுருங்கும். சில பைகள் கடையில் மொடமொடவென்று நின்று, ஒரு துவைப்பில் கந்தலாகத் தொங்கும். கஞ்சி கொடுத்த விறைப்பு அது. துணியைக் கசக்கினால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். சணல் பையை ஊறவைக்கவே கூடாது. படலம் உரிந்து குமிழும், வடிவம் கோணும். உலர்ந்த பிரஷால் தட்டி, கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, வாயைத் திறந்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறம் பழுக்கும்.

கையிலிருக்கும் பையின் காது பலவீனமாகத் தெரிந்தால் தூக்கிப் போட வேண்டாம். தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து, முனைக்கு அடியில் ஒரு துண்டுத் துணி வைத்துச் சதுரமும் பெருக்கலுமாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அறுந்த பிறகல்ல, மாத மளிகைக்குக் கிளம்பும் முன்பே.