இரண்டு கம்பிக்கு ஏற்ற புல்-அப் ரெசிஸ்டர்

ஐ2சி பஸ்ஸில் இணைந்த சிப்கள் கம்பியைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும். அதை மறுபடி மேலே ஏற்றுவது புல்-அப் ரெசிஸ்டர்தான். அதன் மதிப்பை இரண்டு வரம்புகளுக்கு நடுவே தேட வேண்டும்.

3.3 வோல்ட்டில், 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். கம்பியை 0.4 வோல்ட்டில் பிடித்திருக்கும்போது சிப் 3 மில்லிஆம்பியரை உள்வாங்கும் என்று விதி உறுதி தருகிறது. மீதி 2.9 வோல்ட்டை 3 மில்லிஆம்பியரால் வகுத்தால் சுமார் 970 ஓம். இதற்குக் கீழே போனால் 'பூஜ்யம்' சரியாகக் கீழே இறங்காது.

மேல்வரம்பைத் தருவது ஏறும் நேரம். கம்பியும் சிப் கால்களும் சேர்ந்து ஒரு சிறு கெப்பாசிட்டராகின்றன. அது 150 பிகோஃபாரட் என்று வைப்போம். மின்னழுத்தம் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு 300 நானோநொடிக்குள் ஏற வேண்டும்:

```
R = tr / (0.8473 × C)
```

விடை சுமார் 2,360 ஓம். 2.2 கிலோ ஓம் விளிம்பில் நிற்கும், நான் 1.8 கிலோ ஓம் போடுவேன். ஏற்றம் சுமார் 230 நானோநொடி, மின்னோட்டம் 1.6 மில்லிஆம்பியர்.

பழக்கத்தில் 10 கிலோ ஓம் போட்டால் ஏற்றம் 1,270 நானோநொடியாகிவிடும். ஆஸிலாஸ்கோப்பில் சதுர அலைக்குப் பதில் சுறாத் துடுப்பு தெரியும். நேர்மாறான பிழையும் உண்டு: கடையில் வாங்கும் சென்சார் போர்டுகள் பலவற்றில் 4.7 கிலோ ஓம் ஏற்கனவே இருக்கும். அப்படி ஐந்தை ஒரே பஸ்ஸில் மாட்டினால் மொத்தம் 940 ஓம்தான். அப்போது சிலவற்றின் ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள்.