கிணறு ஏறியது குட்டையாலா, மழையாலா?

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடம், டிசம்பர் கடைசியில் கொங்குப் பகுதிக்குப் போனால் ஊர்க்காரர்கள் இரண்டு இடங்களைச் சேர்த்தே காட்டுவார்கள். ஓடையில் தடுப்பணை நிரம்பி வழியும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் பல அடி மேலே வந்திருக்கும். தடுப்பணையால்தான் கிணறு ஏறியது என்று ஊரே நம்பும். ஆனால் அதே மழைக்குத் தடுப்பணை இல்லாத ஊரிலும் கிணறுகள் ஏறியிருக்கும். ஏறிய மட்டத்தில் மழையின் பங்கு எவ்வளவு, அணையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தால்தான் கட்டுமானம் வேலை செய்கிறதா என்பது தெரியும். அதற்கு ஓர் அளவுகோல், ஒரு டேப், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வருடப் பொறுமை போதும்.

முதலில் குட்டையையே அளக்க வேண்டும். குட்டையின் ஆழமான இடத்தில் சென்டிமீட்டர் குறித்த கம்பம் ஒன்றை அசையாமல் நட்டு, தினமும் காலை ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். மழை பெய்த நாளையும், ஓடையில் வரத்து இருக்கும் நாளையும், யாராவது மோட்டார் போட்டு இறைத்த நாளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. மற்ற நாட்களில் மட்டம் இறங்குவதற்கு இரண்டே காரணங்கள்தான்: வெயிலிலும் காற்றிலும் ஆவியாவது, தரைக்குள் இறங்குவது. மழைக்காலம் முடிந்த மாதங்களில் ஆவியாதலை நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கோடையில் அது கூடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நீர்ப்பரப்பு 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் உள்ள குட்டை. புதிதாகத் தூர் வாரியபோது மட்டம் நாளுக்கு 30 மில்லிமீட்டர் இறங்குகிறது. ஆவியாதலைக் கழித்தால் 25 மில்லிமீட்டர் தரைக்குள் போகிறது. அதாவது நாளுக்கு 50,000 லிட்டர். சில பருவங்கள் கழித்து அதே குட்டையில் மட்டம் 9 மில்லிமீட்டர்தான் இறங்குகிறது என்றால், உள்ளே போவது வெறும் 8,000 லிட்டர். வெள்ளத்தோடு வந்த நுண்ணிய வண்டல் தரையில் படிந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிட்டது. மார்ச் மாதம் வரை தண்ணீர் ததும்பி நிற்கும் குட்டையைப் பார்த்து ஊர் மகிழலாம். ஆனால் கசிவுநீர்க் குட்டை நீண்ட நாள் நிரம்பியிருப்பது, அது அடைபட்டுவிட்டது என்பதன் அறிகுறி. நல்ல குட்டை சீக்கிரம் வற்றி, அடுத்த மழையைப் பிடிக்கத் தயாராக இருக்கும்.

1997-ல் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு வகுத்த முறையில், தடுப்பணையில் தேங்கும் நீரில் பாதி நிலத்துக்குள் போவதாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதிலேயே ஒரு நிபந்தனையும் உண்டு: வருடா வருடம் தூர் வாரியிருக்க வேண்டும். தூர் வாராத அணைக்கும் அந்தப் பாதியை எழுதினால் கணக்கு காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

கசிந்த தண்ணீர் எல்லாம் கிணற்றுக்கும் வந்துவிடாது. கொஞ்சம் கரைக்கு அடியில் கசிந்து, கீழே ஓடையிலேயே மறுபடி வெளிப்படும். கொஞ்சத்தை மேல்மண் பிடித்துக்கொள்ளும். மீதிதான் பாறை இடுக்குகளைச் சேர்கிறது. ஆகவே அடுத்த அளவு கிணறுகளில்.

குட்டைக்குக் கீழ்ப்பக்கம் சில கிணறுகள், அதன் தாக்கம் எட்டாத தூரத்தில் சில கிணறுகள் என இரண்டு வகையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரியான மண், ஒரே மாதிரியான பயிர், ஏறக்குறைய ஒரே அளவு இறைப்பு இருக்க வேண்டும். பழைய திறந்தவெளிக் கிணறே இதற்கு ஏற்றது. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றின் மட்டம் வேறு ஆழத்துத் தண்ணீரின் கதையைச் சொல்லும். கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி போட்டு, எப்போதும் அங்கிருந்தே டேப்பை இறக்க வேண்டும். மூணு ஃபேஸ் கரண்ட் வந்து மோட்டார் ஓடுவதற்கு முன்பு, இரவெல்லாம் ஊறிய மட்டத்தை எடுப்பது முக்கியம். ஓடி நின்ற மோட்டாருக்குப் பிறகு எடுத்த அளவு எதற்கும் உதவாது.

செப்டம்பரில் குட்டைக்கு அருகிலுள்ள கிணறுகளில் தண்ணீர் சராசரியாக 14 மீட்டர் ஆழத்தில் இருந்து, டிசம்பரில் 8 மீட்டருக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 6 மீட்டர். தொலைவுக் கிணறுகளில் அதே காலத்தில் 13.5-லிருந்து 9 மீட்டர், ஏற்றம் 4.5. மழை இரண்டு பக்கமும் பெய்தது. எனவே குட்டையின் பெயரில் எழுதக் கூடியது 1.5 மீட்டர் மட்டும்தான். அதையும், குட்டை வெட்டுவதற்கு முந்தைய வருடங்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறினவா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். பள்ளத்துக் கிணறு எப்போதுமே கூடுதலாக ஏறும். அந்தப் பெருமையைக் குட்டைக்குக் கொடுக்கக் கூடாது. குட்டை வெட்டுமுன்பே அளக்கத் தொடங்க வேண்டும் என்பது இதனால்தான்.

கையடக்க டி.டி.எஸ். மீட்டர் இன்னொரு சாட்சி. ஓடையில் தேங்கும் மழைநீரில் உப்பு மிகக் குறைவு. அருகுக் கிணற்றில் 1,800 காட்டிய மீட்டர் ஜனவரியில் 900 காட்டி, தொலைவுக் கிணறுகளில் அவ்வளவு மாறாமல் இருந்தால், குட்டைத் தண்ணீர் அங்கே வந்து கலந்திருக்கிறது என்று நம்பலாம்.

தூரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. கருங்கல் பிரதேசத்தில் தண்ணீர் விரிசல்கள் வழியாகத்தான் நகர்கிறது. தர்மபுரி, சேலம் பக்கங்களில் பூமிக்குள் குறுக்குச் சுவர் போலக் கரும்பாறைத் தொடர்கள் ஓடுகின்றன. அப்படி ஒன்று இடையில் இருந்தால் 100 மீட்டரில் உள்ள கிணற்றுக்கு ஒன்றும் வராமல், விரிசல் செல்லும் திசையில் 400 மீட்டர் தள்ளி உள்ள கிணறு பயன் பெறலாம்.

2000-களின் முற்பகுதியில் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் இந்திய நிறுவனங்களோடு சேர்ந்து குஜராத், மகாராஷ்டிரம், தமிழகத்தில் கோவைப் பகுதியின் கோடங்கிபாளையம் ஆகிய இடங்களில் இதே கேள்வியை ஆராய்ந்தது. அங்கும் குட்டையும் கிணறுகளும் சேர்த்தே கவனிக்கப்பட்டன.

கடைசியாக, கிடைத்த தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்போம். நம் உதாரணக் குட்டை 60 நாள், நாளுக்குச் சராசரி 12 மில்லிமீட்டர் கசியவிட்டால் மொத்தம் 14.4 லட்சம் லிட்டர். அது முழுவதும் கிணறுகளைச் சேர்ந்தாலும், ஒரு ஏக்கருக்கு 50 மில்லிமீட்டர் வீதம் ஏழு தண்ணீர் பாய்ச்சத்தான் வரும். ஆனால் மக்கிய பாறையின் மொத்தப் பருமனில் 1 முதல் 3 சதவீதம்தான் இறைத்தால் வெளிவரும் தண்ணீர். 1.5 சதவீதம் என்று கொண்டால், இந்த 14.4 லட்சம் லிட்டர் 10 ஹெக்டேர் பரப்பில் மட்டத்தை ஏறக்குறைய 1 மீட்டர் உயர்த்திக் காட்டும். ஏற்றம் பெரிதாகத் தெரியும், தண்ணீர் சிறிது. அதை நம்பி நான்கு புதிய மோட்டார்களோ, நெல்லோ வாழையோ வந்தால் சித்திரைக்குள் கிணறு பழைய ஆழத்துக்கே போய்விடும்.

அதே ஓடையில் மேலும் மேலும் அணை கட்டுவதற்கும் எல்லை உண்டு. மழை குறைந்த வருடத்தில் மேலே பிடித்த தண்ணீர் கீழுள்ள ஏரிக்குப் போகாது. ஒரு ஊருக்குக் கிடைத்தது இன்னொரு ஊரின் இழப்பாகிறது. ஆகவே அடுத்த அணைக்குப் பணம் கேட்கும் முன் கிராம சபையில் மூன்று அளவுகளை வைத்துப் பேசலாம்: இருக்கும் குட்டையில் நாள்தோறும் எவ்வளவு இறங்குகிறது, அருகுக்கும் தொலைவுக்கும் கிணற்று ஏற்றத்தில் வித்தியாசம் என்ன, கீழேயுள்ள ஏரிக்கு வரத்து குறைந்ததா. இறக்கம் குறைந்திருந்தால் கோடையில் தூர் வாருவதே முதல் வேலை. இறக்கம் நன்றாக இருந்தும் கிணறுகளில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், தண்ணீர் வேறு வழியில் போகிறது. அந்த இடத்தில் இன்னொரு குட்டை வெட்டிப் பயனில்லை.