லண்டனில் பிறந்த குழந்தை எந்த நாட்டுப் பிள்ளை?

கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருவரும் இந்தியக் குடிமக்கள். கணவருக்கு லண்டனில் வேலை விசா, மனைவிக்குத் துணைவர் விசா. 2025 மார்ச் 10 அன்று அங்கே ஒரு மருத்துவமனையில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. ஊரில் இருக்கும் உறவினர்கள் பலர் அந்தக் குழந்தையை அப்போதே பிரிட்டிஷ்காரி ஆக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுப் பழகியதால் வரும் எண்ணம் இது. பிரிட்டனில் அந்த வழக்கம் 1983 ஜனவரி 1 அன்றே முடிந்துபோனது. அதன்பின் அங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பிலேயே பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்க வேண்டுமானால், பிறக்கும் நேரத்தில் தாய் தந்தையரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரமாக வசிக்கும் அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். வேலை விசா அந்தக் கணக்கில் சேராது.

அப்படியானால் குழந்தை இந்தியக் குடிமகளா? அதுவும் இன்னும் இல்லை. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு பேசுகிறது. 2004 டிசம்பர் 3 முதல் நடப்பில் உள்ள விதி இது: பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் குழந்தைக்கு உரிமை உண்டு, ஆனால் பிறந்த ஓராண்டுக்குள் அந்நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தால்தான் அந்த உரிமை குடியுரிமையாக மாறும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித்தர வேண்டும். ஆக, பதிவு நடக்கும் வரை இந்தக் குழந்தை சட்டத்தின் பார்வையில் எந்த நாட்டுக்கும் உரியவள் அல்ல. 2017இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம், இப்படிப் பதிவு செய்யப்படாத ஒரு குழந்தையை நாடற்றவர் என்றே ஏற்றுக்கொண்டது. நாடற்ற பிள்ளை என்ற அடிப்படையில் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்கலாம் என்று சில பெற்றோர் வேண்டுமென்றே பதிவைத் தள்ளிப்போட்டதும் உண்டு. 2022இல் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தி, வேறொரு நாட்டின் குடியுரிமையை நியாயமான முறையில் பெற முடிகிற குழந்தைகளுக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இப்போது பதிவைத் தள்ளிப்போடுவதால் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை.

முதல் வேலை உள்ளூர்ப் பிறப்புப் பதிவு. இங்கிலாந்தில் 42 நாள் அவகாசம் உண்டு. நம் உதாரணக் குழந்தைக்கு ஏப்ரல் 21 வரை. திருமணமான தம்பதி என்றால் ஒருவர் போனால் போதும். சான்றிதழில் சிறியது, முழுமையானது என்று இரண்டு வகை உண்டு. சிறியதில் பெற்றோர் பெயர் இருக்காது. இந்தியத் தூதரகத்துக்கு அது பயன்படாது. முழுச் சான்றிதழையே கேட்டு வாங்க வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் தடுமாறும் இடம் இந்தப் பதிவாளர் மேசைதான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது தாத்தா பெயர் இருக்கும். பதிவாளரோ குழந்தைக்கு ஒரு குடும்பப் பெயர் கேட்பார். அப்பா பெயரையே வைப்பதா, தாத்தா பெயரை வைப்பதா என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. வீட்டிலேயே முடிவு செய்து, எழுத்துக்கூட்டலையும் தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். குழந்தையின் முன்பெயரைப் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்ற வழியுண்டு. குடும்பப் பெயரை அப்படி நினைத்தபடி மாற்ற முடியாது. பெற்றோர் பெயர்களும் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, சான்றிதழில் வந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும். அம்மாவின் பெயரில் ஒரு 'h' விட்டுப்போனால், அதே பெண்தான் இவர் என்று பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் நிரூபிக்க நேரிடும்.

அடுத்தது குடியுரிமைப் பதிவு. indiancitizenshiponline.nic.in தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்து, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு, இருவரின் பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்று ஆகியவற்றுடன் தூதரகம் சொல்லும் இடத்தில் கொடுக்க வேண்டும். துணைக் காகிதங்களின் பட்டியல் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும் என்பதால் அந்தந்தத் தூதரகத்தின் பட்டியலையே பார்க்க வேண்டும். நம் தம்பதிக்குக் கெடு 2026 மார்ச் இரண்டாம் வாரத்தில் தீர்கிறது. அதைத் தாண்டினால் கதவு அடைபடுவதில்லை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் எழுதி மத்திய அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை பாஸ்போர்ட்டும் கிடையாது. பாஸ்போர்ட் வந்தபின் பலர் இந்தப் பதிவுச் சான்றை எங்கோ போட்டுவிடுகிறார்கள். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டில் காலாவதியாகும்; குடியுரிமைக்கு அடிப்படை ஆதாரம் பதிவுச் சான்றுதான்.

(இலங்கைக் குடிமக்களான பெற்றோருக்கும் இதே போன்ற நிலைதான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் பதிய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.)

குழந்தைக்கான பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோர் இருவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் ஊரில் இருந்தாலோ, பிரிந்து வாழ்ந்தாலோ தனி உறுதிமொழி வேண்டும். இதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வருவது பாஸ்போர்ட் கையில் வந்தவுடன் பாட்டி தாத்தாவிடம் காட்ட விமானச் சீட்டு எடுக்கும்போது. பிரிட்டனிலேயே பிறந்த குழந்தை வெளியே போகாதவரை விசா இல்லாமல் இருப்பது குற்றமல்ல. ஆனால் இந்தியா வந்து திரும்பும்போது அவள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் மட்டும்தான் இருக்கும். விமான நிறுவனம் ஏற்ற மறுக்கலாம். அதனால் புறப்படும் முன்பே லண்டனில் இருந்துகொண்டு குழந்தைக்குத் துணைவர் விசா வாங்கிவிடுவது நல்லது. விண்ணப்பக் கட்டணம் தவிர, மருத்துவக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும்.

சில ஆண்டுகள் கழித்துத் தந்தைக்கு நிரந்தர வசிப்பு அனுமதி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்தபோது இல்லாத தகுதி அப்போது மகளுக்கு வருகிறது. பதினெட்டு வயதுக்குள் MN1 என்ற படிவத்தில் விண்ணப்பித்து அவளைப் பிரிட்டிஷ் குடிமகளாகப் பதியலாம். பெற்றோருக்கு அந்த அனுமதி கிடைக்காமலே போனாலும், பிரிட்டனில் பிறந்து முதல் பத்து ஆண்டும் அங்கேயே வளர்ந்த பிள்ளைக்குத் தனி உரிமை உண்டு. அந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் 90 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. கோடை விடுமுறைக்கு ஊருக்கு அனுப்பும் குடும்பங்கள் பயணத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்வது இதனால்தான்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கியபின் இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு இரண்டிலும் பயணம் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். செய்யக் கூடாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து, அதற்கான சான்று பெற்று, பிறகு ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தந்தைக்கு அந்த அனுமதி மகள் பிறப்பதற்கு முன்பே கிடைத்திருந்தால் கதை வேறு. அவள் பிறந்த நிமிடமே பிரிட்டிஷ் குடிமகள். அப்போதும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்காமல் இந்தியத் தூதரகத்தில் பதிய முடியும். ஆனால் பதினெட்டு வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அவள் பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். கல்லூரிச் சேர்க்கை நடக்கும் அதே மாதங்களில் இந்தக் கெடுவும் வருவதால், அதைப் பெற்றோர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.