தடாலுக்கு அடியில் ஒரு பலகைச் சுவர்

வெளிநாட்டுக் காமிக்ஸ் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது பேச்சுப் பலூன்களால் பெரிய தொல்லை இல்லை. வெள்ளைப் பலூனுக்குள் இருக்கும் எழுத்தை அழித்தால் அடியில் இருப்பதும் வெள்ளைதான். தமிழ் வசனத்தை வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். மல்லுக்கட்ட வைப்பவை ஓசை எழுத்துகள். துப்பாக்கி வெடிப்பதும் கதவு பெயர்வதும் ஓவியத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் போடப்பட்டிருக்கும். அதை அழித்தால் படத்தில் ஓட்டைதான் மிஞ்சும். ஓட்டைக்குள் என்ன இருந்திருக்கும் என்று கண்டுபிடித்து, கோட்டையும் வண்ணத்தையும் மூல ஓவியரின் கைபோலவே போட்டு மூட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கௌபாய் கதையின் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் மஞ்சள் பலகைகளால் ஆன மதுக்கடைச் சுவர். வலப்பக்கம் வெளிர்நீல வானம். கதவைப் பிய்த்துக்கொண்டு ஒருவன் தெருவில் வந்து விழுகிறான். அவனுடைய பழுப்புத் தொப்பி தலையைவிட்டுப் பறக்கிறது. இவை அத்தனைக்கும் மேலாகக் குறுக்கே, கறுப்பு விளிம்பு கட்டிய சிவப்பு எழுத்தில் ‘க்ராஷ்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘தடால்’ வைக்க வேண்டும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்பவை. நம் எழுத்துகளின் உருவம் வேறு. புள்ளி மேலே ஏறும், துணைக்கால் தனியே நிற்கும். ஆகவே பழைய எழுத்து மறைத்த இடமும் புதிய எழுத்து மறைக்கும் இடமும் ஒருபோதும் ஒத்துப்போகாது. அங்கங்கே சுவரும் வானமும் எட்டிப் பார்க்கும்.

புதிதாக வருபவர்கள் கணினியில் முதலில் தொடுவது குளோன் கருவியை, அல்லது கறையை ஆற்றும் ஹீலிங் கருவியை. புகைப்படத்துக்கு ஹீலிங் அருமையான கருவி. கார்ட்டூனுக்கு அது சத்துரு. சுற்றியுள்ள நிறங்களைக் கலந்து நிரப்புவதுதான் அதன் வேலை. கறுப்புக்கோடு பக்கத்தில் இருந்தால் அந்தக் கறுப்பையும் மஞ்சளோடு குழைத்து அழுக்குப் பிடித்த மாதிரி பூசிவிடும். குளோன் கருவி அப்படிக் குழைக்காது. ஆனால் ஒரு பலகையின் கோட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டும்போது ஒவ்வோர் ஒட்டிலும் கோடு லேசாக முறியும். தூரத்தில் வைத்துப் பார்த்தால் சரியாக இருப்பதுபோல் தோன்றும், அச்சில் பல்லிளிக்கும்.

இந்தப் படங்கள் உருவான விதத்தைப் பார்த்தால் சரியான வழி தானே புலப்படும். பிரெஞ்சு, பெல்ஜியக் காமிக்ஸ்களில் பல காலம் இருந்த முறை இது: ஓவியர் கறுப்பு மையில் கோட்டுச் சித்திரத்தை முடித்துவிடுவார். அதைப் படமெடுத்து, தடித்த தாளில் வெளிர்நீலத்தில் மங்கலாக அச்சிட்டு வண்ணக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் அந்த மங்கல் கோடுகளைப் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டுவார். கறுப்புக்கோடு தனியே ஒரு கண்ணாடித் தாள் பிலிமில் இருக்கும். அச்சகத்தில் நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்று பிளேட்டுகளும் வண்ணத்துக்கு. கோடும் வசனமும் கறுப்புப் பிளேட்டில். வேறு மொழியில் பதிப்பு வந்தால் கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். பலூன் வசனம் கறுப்பிலேயே இருப்பதன் சௌகரியம் அது. சிவப்பில் போட்ட ஓசை எழுத்து மட்டும் இந்தக் கணக்கில் அடங்காமல் நான்கு பிளேட்டுகளிலும் கால் வைத்திருக்கும்.

ஆக, நம் கட்டத்தை மறுபடியும் இரண்டு தாள்களாகப் பிரிப்பதுதான் முதல் வேலை: ஒன்று கறுப்புக்கோடு மட்டும், மற்றொன்று வண்ணம் மட்டும். பக்கத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். பதிப்பகமே லேயர் பிரித்த கோப்பைத் தந்தால் பாதி வேலை மிச்சம். பழைய கதைகளுக்கு அந்தப் பாக்கியம் பெரும்பாலும் கிடைக்காது. ஜேபெக்காகச் சேமித்த படம் வேண்டாம். எழுத்தின் விளிம்பைச் சுற்றி அது கொசு மொய்த்தாற்போல் புள்ளிகளை விட்டுவைக்கும்.

இங்கே ஒரு சின்னத் தந்திரம் உண்டு. கணினித் திரையின் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் அளவுதான். சிவப்பு ஒளியின் அளவை மட்டும் தனியே எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்தால் சிவப்பு எழுத்து வெள்ளையாகிவிடும். மஞ்சளிலும் சிவப்பு ஒளி நிறைய இருப்பதால் பலகைகளும் வெள்ளையாகும். வானம் வெளிர்சாம்பலாகவும் தொப்பி சற்றே அழுத்தமான சாம்பலாகவும் நிற்கும். கறுப்புக்கோடு கறுப்பாகவே இருக்கும். ஜிம்ப் மென்பொருளில் `Colors > Components > Extract Component` போய் `RGB Red` என்று தேர்ந்தால் இது கிடைக்கும். பிறகு `Levels` திறந்து வெள்ளைப் பக்கத்துக் குமிழை இடப்புறமாக நகர்த்தினால் சாம்பல்களும் கரைந்து வெறும் கோட்டுப்படம் மிஞ்சும். இதற்கு `Threshold` கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அது கறுப்பு, வெள்ளை இரண்டைத் தவிர எதையும் விட்டுவைக்காது என்பதால் கோட்டின் விளிம்பு ரம்பப் பல்லாகிவிடும். விளிம்பில் மெல்லிய சாம்பல் இருந்தால்தான் கோடு கோடாகத் தெரியும்.

சிவப்பு போய்விட்டது, எழுத்தின் கறுப்பு விளிம்பு இன்னும் போகவில்லை. பலகைக்கோடும் கறுப்பு, எழுத்தின் விளிம்பும் கறுப்பு. இரண்டும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் எது யாருடையது என்று எந்தக் கருவியும் சொல்லாது. அந்தச் சந்திப்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் மை லேசாகத் திரண்டு, மூலை உருண்டு இருப்பது தெரியும். அந்தத் திரட்சியை விட்டுவிட்டால் பின்னால் பலகைக்கோட்டின் நடுவில் ஒரு முடிச்சு நிற்கும். ஆகவே கோட்டைச் சந்திப்பிலேயே வெட்டக் கூடாது. திரட்சிக்கு அப்பால், கோடு தன் இயல்பான தடிமனுக்குத் திரும்பிய இடம்வரை பின்வாங்கி அங்கே வெட்ட வேண்டும். கொஞ்சம் நல்ல கோடும் சேர்ந்து போகும், போகட்டும்.

இனி வரைவது. அச்சில் 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு 600 டி.பி.ஐ.யில் ஏறக்குறைய 9 பிக்சல். கண்ணால் மதிப்பிடுவதைவிடப் பெரிதாக்கி எண்ணிவிடுவது நல்லது. ஒரே கட்டத்தில் ஆளின் உருவக்கோடு தடிப்பாகவும் பலகைக்கோடு மெலிதாகவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பிரஷ்ஷைப் பிடித்தால் சுவர் முன்னால் வந்து நிற்கும். முதலில் நீளமான கோடுகளைப் போட வேண்டும். ஒரு பலகைக்கோடு எழுத்துக்கு இடப்பக்கம் மறைந்து வலப்பக்கம் வெளிப்படுகிறது என்றால் இரு துண்டுகளையும் இணைக்கும் ஒரே வளைவாக, `Paths` கருவியில் போடலாம். புதுக்கோடு பழைய கோட்டின் முனையில் தொடங்காமல் அதன் உள்ளே 20, 30 பிக்சல் தள்ளித் தொடங்கினால் ஒட்டு தெரியாது. இரு பக்கத் துண்டுகளும் நேர்கோட்டில் சேரவில்லை என்றால் அவசரப்பட்டு வளைக்கக் கூடாது. பெரும்பாலும் நாம் வேறு பலகையின் கோட்டோடு சேர்த்திருப்போம். பலகைகளை மேலிருந்து எண்ணிப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

தொப்பியின் விளிம்பு அப்படியல்ல. அது பிரஷ்ஷால் போட்ட கோடு. தொடக்கத்தில் மெலிந்து, வளைவில் தடித்து, கடைசியில் கூர்மையாக முடியும். அதைப் பிக்சல் பிக்சலாக நிரப்பிக் கட்டினால் புழு ஊர்ந்தாற்போல இருக்கும். அழுத்தம் உணரும் பேனாவால் ஒரே வீச்சில் இழுத்து, சரியில்லையென்றால் அழித்து மறுபடி இழுப்பதுதான் வழி. மர நரம்பு, ஆணித்தலை போன்ற பொடி விவரங்கள் கடைசியில். அவற்றை நிறையப் போட ஆசை வரும். பக்கத்துப் பலகையில் ஓவியர் இரண்டு கீறல்தான் போட்டிருக்கிறார் என்றால் நாமும் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கோடு முடிந்த பிறகே வண்ணம். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. கோட்டு லேயரில் ஒரு பலகையின் உள்பக்கத்தைத் தேர்வுசெய்யும்போது கோட்டில் எங்காவது இடைவெளி இருந்தால் தேர்வு அடுத்த பலகைக்கும் வானத்துக்கும் ஓடிவிடும். ஓடாமல் நின்றால் கோடு மூடியிருக்கிறது என்று அர்த்தம். தேர்வை `Select > Grow` மூலம் 4 பிக்சல் பெருக்கினால் அது கறுப்புக்கோட்டின் நடுப்பகுதிவரை போகும். இப்போது கீழே இருக்கும் வண்ண லேயரில் மஞ்சளைக் கொட்டலாம். வண்ணத்தின் விளிம்பு கோட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அச்சில் பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று தெரியாது. மேலே உள்ள கோட்டு லேயரை `Multiply` நிலையில் வைத்தால் அதன் வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் வண்ணத்தின்மேல் அமரும்.

எந்த மஞ்சள்? அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்திருந்தால் மஞ்சள் என்று நாம் நினைப்பது உண்மையில் மஞ்சளும் மெஜந்தாப் பொட்டுகளும் கலந்த புள்ளிக்கோலம். ஒரு பிக்சலை மட்டும் தொட்டு நிறம் எடுத்தால் பொட்டின் நிறம் வரும், சுவரின் நிறம் வராது. நிறம் எடுக்கும் கருவியில் `Sample average` தேர்ந்து பல பிக்சல்களின் சராசரியை எடுக்க வேண்டும். அப்படி எடுத்த வண்ணத்தையும் ஓட்டை அளவுக்கு மட்டும் நிரப்பினால் பழைய சுவரில் ஒரு முழத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்த கதைதான். கறுப்புக்கோட்டிலிருந்து கறுப்புக்கோடு வரை அந்தப் பலகை முழுவதையும், வானமென்றால் வானம் முழுவதையும், புதிதாக நிரப்பிவிடுவது மேல். வேலை கூடுதல்போலத் தோன்றினாலும் பாதி நேரத்தில் முடியும். ஒட்டு விழுவதற்கு இடமே இருக்காது.

சோதனை இரண்டு. வண்ண லேயரை மட்டும் வைத்துக்கொண்டு, `Threshold` அளவைப் பூஜ்யமாக்கிய `Fuzzy Select` கருவியால் வானத்தைத் தொட்டுப் பாருங்கள். வானம் முழுதும் ஒரே நிறமென்றால் தேர்வின் துடிக்கும் கோடு ஓரத்தில் மட்டும் ஓடும். நடுவில் எறும்புக் கூட்டம்போல் சின்னச் சின்ன வட்டங்கள் தென்பட்டால் பழைய எழுத்தின் எச்சம் அங்கே இருக்கிறது. அடுத்து வண்ணத்தை அணைத்துவிட்டுக் கோட்டு லேயரை மட்டும் பாருங்கள். குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகப் பக்கம்போல் அது தானே நிற்க வேண்டும். அச்சுக்கு அனுப்பும்போதும் இந்த லேயர் கறுப்பு மையில் மட்டும் போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். திரை நிறத்திலிருந்து அப்படியே மாற்றினால் கறுப்பு நான்கு மைகளாகப் பிரிந்து, நாம் பாடுபட்டுப் போட்ட மெல்லிய கோடுகளின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் எட்டிப் பார்க்கும்.

சுவரும் வானமும் இப்படிக் கைக்கு வந்துவிடும். ஆனால் எழுத்து அந்த ஆளின் கையை மறைத்திருந்தால்? பலகைக்கோட்டுக்கு இரு பக்கமும் சாட்சி இருக்கிறது. மறைந்த விரல்களுக்கு எதுவும் இல்லை. அங்கே நாம் போடுவது மீட்பு இல்லை, சொந்தச் சரக்கு. அதே ஓவியர் அதே கதையில் அந்த ஆளின் கையை வேறு கட்டத்தில் எப்படிப் போட்டிருக்கிறார், கட்டைவிரல் எந்தப் பக்கம், கார்ட்டூன் வழக்கப்படி விரல் நான்கா ஐந்தா என்று தேட வேண்டும். ஒத்த கை கிடைத்தால் அதைப் பார்த்து வரையலாம். கிடைக்காவிட்டால் நான் வரையமாட்டேன். தமிழ் எழுத்தை அதற்கேற்ப அமைத்துவிடுவேன்: ‘டா’வின் துணைக்காலை இழுத்துத் தடித்துப் போட்டால் ஒரு கை அதன் பின்னால் தாராளமாக மறையும்.