டிவிடி தட்டு ஏன் திறப்பதில்லை?

பொத்தானை அழுத்தினால் உள்ளே ‘விர்’ரென்று மோட்டார் சுற்றுகிறது, தட்டு மட்டும் அசையவில்லை. மேசைக் கணினி டிரைவில் இதற்குப் பெரும்பாலும் காரணம், மோட்டாரின் சுழற்சியைப் பற்சக்கரத்துக்குக் கடத்தும் சிறு ரப்பர் பெல்ட்தான். நாளடைவில் அது தளர்ந்து வழுக்கும். வட்டை அழுத்திப் பிடிக்கும் காந்தத்தைப் பிரிக்கத்தான் முதலில் அதிக விசை தேவை. தளர்ந்த பெல்ட் அங்கேயே தோற்றுவிடும். வட்டு இல்லாவிட்டால் காந்தம் இன்னும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். அதனால் காலித் தட்டுதான் அதிகம் சிக்கும்.

கணினியை அணைத்து, முன்பக்க ஊசித்துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக அழுத்துங்கள். தட்டு சற்று வெளியே வரும். மெல்ல இழுங்கள். புது பெல்ட் மாட்டினால் கோளாறு தீரும்.

சத்தமும் இல்லை, விளக்கும் எரியவில்லை, கணினியிலும் டிரைவைக் காணோம் என்றால் பெல்ட் காரணமல்ல; முதலில் மின்கேபிளைப் பாருங்கள். தட்டு திறந்தும் பயாஸில் பெயர் இல்லையென்றால், டேட்டா கேபிளைச் சந்தேகிக்கலாம்.