ஒரு பட்டன்தானே சார்?

கோவையில் காபித்தூள் கடை நடத்தும் ஒருவர், தன் கடைக்கு இணையதளம் செய்து தரச் சொல்லி ஒரு டெவலப்பரிடம் 85,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முக்கால்வாசி வேலை முடிந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: “சார், மாசாமாசம் தானா ஆர்டர் போயி, பணமும் தானா கழியுற மாதிரி ஒரு பட்டன் வெச்சிடுங்க.”

பார்வைக்குப் பட்டன்தான். ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்க, வாங்குபவர் முதலில் ஓடிபி போட்டு இ-மேண்டேட் பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து அவருக்குத் தகவல் போகும். வேண்டாமென்றால் அவர் நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தினாலோ, கணக்கில் பணம் இல்லாமல் போனாலோ அந்த மாதத்துக் காபித்தூளை அனுப்புவதா வேண்டாமா? அதை இணையதளம்தான் கையாள வேண்டும். வேலை இருப்பது அங்கேதான்.

டெவலப்பர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது கொட்டேஷனை. “ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒருமுறை பணம் செலுத்தும் வசதி” என்று அதில் இருந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வெறுமனே “பேமென்ட் வசதி” என்று எழுதியிருந்தால் கடைக்காரர் கேட்பதையும் தவறென்று சொல்ல முடியாது. செலவில் ஒரு பங்கை டெவலப்பர் ஏற்பதுதான் முறை.

முதல் வகை என்றால், அன்றைக்கே மின்னஞ்சல் போய்விட வேண்டும். வாட்ஸ்அப்பில் “பாக்கலாம் சார்” என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், அதைக் கடைக்காரர் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

“வணக்கம் சார். நீங்கள் கேட்ட மாதாந்திர ஆர்டர் வசதியைச் செய்ய முடியும். நாம் ஒப்புக்கொண்ட கொட்டேஷனின் 4-வது வரியில் ஒருமுறை பணம் செலுத்தும் வசதி மட்டுமே இருப்பதால், இது கூடுதல் வேலையாகிறது. மேண்டேட் பதிவுக்கு 10 மணி நேரம், பணம் வராத ஆர்டர்களைக் கையாள 8, நிறுத்தும் பக்கத்துக்கு 6, சோதனைக்கு 4. மொத்தம் 28 மணி நேரம், மணிக்கு 900 ரூபாய் வீதம் 25,200. 18% ஜிஎஸ்டி சேர்த்து 29,736 ரூபாய். தளம் வெளியாவது இரண்டு வாரம் தள்ளிப்போகும்.

செலவு குறைய வேண்டுமென்றால், மாதம் ஒருமுறை நினைவூட்டல் மெயிலும் ‘மீண்டும் ஆர்டர்’ பட்டனும் வைக்கலாம். ஜிஎஸ்டியோடு 6,372 ரூபாய், தேதி மாறாது. எது வேண்டுமென்று இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள். அதுவரை பழைய திட்டப்படி வேலை நடக்கும்.”

இதில் மன்னிப்பு இல்லை, முறைப்பும் இல்லை. “கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்” என்ற மழுப்பலும் இல்லை. சண்டை பெரும்பாலும் அந்தக் ‘கொஞ்ச’த்தில்தான் தொடங்குகிறது. மணிக்கணக்கைப் பிரித்துக் காட்டியதால், பேரம் பேசுகிறவர்கூட எதைக் குறைக்கலாம் என்றுதான் கேட்பார். சோதனைக்கான 4 மணி நேரத்தில்தான் பலர் முதலில் கைவைப்பார்கள். அதை மட்டும் விட்டுக்கொடுத்தால், ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கழிந்த வாடிக்கையாளரின் போன் கடைக்குத்தான் வரும்.