குறிப்பு எழுத ஓர் ஆள்

பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள். அப்போது இரண்டு தரப்புக்குள் எழுத்தில் ஒரு தகராறு மூண்டால், அது தபாலில் போய்த் தபாலில் வரும். சூடாக எழுதிய கடிதம் எதிராளி கைக்குப் போய்ச் சேரவே இரண்டு மூன்று நாளாகும். கோபம் ஆறியதற்கு இந்தத் தாமதம்தான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். ஓரளவுக்கு அது சரி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அலுவலகங்களில் இருந்த குறிப்புக் கோப்பு.

வந்த கடிதங்களெல்லாம் நடப்புக் கோப்பில் பக்க எண்ணோடு சேரும். குறிப்புக் கோப்பில் பிரிவு எழுத்தர் பத்தி எண் போட்டு எழுதுவார்: மனுதாரர் இப்படிக் கூறுகிறார், பக்கம் இன்னது, எதிர்தரப்பு இப்படிக் கூறுகிறது, பக்கம் இன்னது, இன்ன ஆவணம் இன்னும் வரவில்லை, ஆணைக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது. மனுவில் நாலு பக்கம் வசவு இருந்தாலும் குறிப்பில் அது ஏறாது. மேலே இருப்பவர் முதலில் படிப்பது இந்தக் குறிப்பைத்தான். எழுத்தர் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை. சண்டையை மட்டும் சண்டைக்காரர்களின் சொற்களிலிருந்து பிரித்து எடுத்து வைத்தார்.

இன்று கோப்பு செய்த பாதி வேலையை மின்னஞ்சல் செய்துவிடுகிறது. எல்லாக் கடிதமும் தேதி வாரியாக ஒரே இடத்தில் இருக்கிறது. குறிப்பு எழுதுவதற்கு மட்டும் ஆள் கிடையாது. ‘எல்லோருக்கும் பதில்’ என்ற பொத்தானை அழுத்தும் பத்துப் பேரில் ஒருவருக்கும் அது கடமை இல்லை.

ஒரு லோடை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. இந்த மாதிரித் தகராறு இந்தப் பக்கம் மக்காச்சோளம் விற்கும் எவருக்கும் புதிதல்ல. வேப்பந்தட்டைப் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று 20 டன் மக்காச்சோளத்தை நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு அனுப்புகிறது. லாரி அரியலூரில் பிடித்தது. ஒப்பந்தப்படி ஈரம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏற்றும்போது மீட்டர் 13.6 காட்டியது. ஆலையில் 15.2. கூடுதலான ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு சதவீத எடை கழிப்பது என்று பேச்சு. ஆக 240 கிலோ கழிவு. கிலோ 22 ரூபாய் என்றால் 5,280 ரூபாய்.

முதல் இரண்டு கடிதங்கள் ஒழுங்காகத்தான் போயின. மூன்றாவதில் ஆலைக்காரர், “எங்கள் மீட்டர் பொய் சொல்லாது” என்றார். “அப்படியானால் நாங்கள் பொய் சொல்கிறோமா?” என்று நிறுவனத்தின் இயக்குநர் இன்னும் நாலு பேரைச் சேர்த்துப் பதில் போட்டார். லாரி அலுவலகம், தார்ப்பாய் சரியாகக் கட்டியிருந்தது, எங்களை இதில் இழுக்காதீர்கள் என்றது. யாரோ போன வருஷத்துப் பாக்கியைக் கிளப்பினார். பதினான்காவது கடிதத்தில் ஈரம் என்ற சொல்லே இல்லை.

“மீட்டர் பொய் சொல்லாது” என்று எழுதியவர் கருவியைப் பற்றித்தான் சொன்னார் என்றே நினைக்கிறேன். ஆனால் எழுத்தில் தொனி தெரிவதில்லை. 2005-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கிண்டலாகவும் நிஜமாகவும் வரிகள் எழுதி மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். படிப்பவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். நடந்தது 56. பூவா தலையா போட்டாலே 50 கிடைத்துவிடும்.

இந்த இடத்தில், நிறுவனத்தின் கணக்கர் பதினான்கு கடிதத்தையும் இணைப்புகளோடு உட்கார்ந்து படிக்கிறார். பிறகு ஒரே ஒரு கடிதம் எழுதுகிறார்:

“அனைவருக்கும் வணக்கம். வேப்பந்தட்டை லோடு பற்றி இதுவரை வந்த கடிதங்களைத் தொகுத்திருக்கிறேன். விட்டுப்போனது இருந்தால் திருத்துங்கள்.

ஒத்துப்போவது: ஒப்பந்த ஈரம் 14 சதவீதம். ஏற்றிய இடத்து எடைச்சீட்டு 20,010 கிலோ, ஆலைச் சீட்டு 19,990 கிலோ.

ஒத்துப்போகாதது: ஏற்றும்போது ஈரம் 13.6, ஆலையில் 15.2. இதனால் வரும் வித்தியாசம் 5,280 ரூபாய்.

இன்னும் தெரியாதது: இரண்டு மீட்டரும் கடைசியாகச் சரிபார்த்த தேதி, இரண்டு இடத்திலும் எத்தனை மூட்டையிலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்பது.

எங்கள் மீட்டரின் விவரத்தை நாளை மதியத்துக்குள் நான் அனுப்புகிறேன். ஆலை விவரத்தை வியாழன் மாலைக்குள் அனுப்ப முடியுமா?”

இதில் ‘வருத்தமளிக்கிறது’ இல்லை, ‘துரதிருஷ்டவசமாக’ இல்லை, ‘அமைதி காக்கவும்’ என்ற அறிவுரையும் இல்லை. அமைதி காக்கச் சொன்னால், நான்தான் கத்தினேனா என்று இன்னொரு சுற்று ஆரம்பமாகும். முதலில் தருவதாகச் சொன்னது தன் பக்கத்து விவரத்தை. அதன் பிறகுதான் எதிர்ப்பக்கத்தைக் கேட்டார். பழைய பாக்கியை இதில் சேர்க்கவில்லை. அதற்குத் தனிக் கடிதம் போட்டுக்கொள்ளலாம். முன்பு படி பெற்றுவந்த ஒருவரையும் நீக்கவில்லை. நீக்கினால் மறைக்கிறார்கள் என்ற பேச்சு வரும். தலைப்பை மட்டும் மாற்றினார். தலைப்பு மாறினால் ஜிமெயிலில் அது புது உரையாடலாகப் பிரிந்துகொள்ளும். அடியில் தொங்கும் பழைய வசவுகளையும் அழித்துவிட்டால் புது உரையாடலில் அவை யார் கண்ணிலும் படாது.

அந்த இரண்டு எடைகளும் இரண்டாவது கடிதத்திலும் ஒன்பதாவது கடிதத்திலும் இணைப்பாகக் கிடந்தவைதான். யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஈரம் நிஜமாகவே 13.6-லிருந்து 15.2 ஆகியிருந்தால், உறிஞ்சிய தண்ணீரில் லோடு முன்னூற்று எழுபது கிலோவுக்கு மேல் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. ஆக வழியில் நனையவில்லை, லாரிக்காரர் மேல் குற்றமில்லை. வித்தியாசம் மீட்டரிலோ மாதிரி எடுத்த விதத்திலோ இருக்கிறது. கணக்கருக்கு இது தெரிந்தும் கடிதத்தில் எழுதவில்லை. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். ஆலை ஆய்வகத்தில் இருப்பவர் தானே கண்டுபிடித்துச் சொன்னால் அது முடிவு. எதிர்தரப்பு சொன்னால் அது இன்னொரு வாதம்.

அனுப்புவதற்கு முன்னால் அவர் இரண்டு பேருக்குப் போன் போட்டார். “அண்ணே, உங்க தரப்பை இப்படி எழுதியிருக்கேன், படிக்கிறேன், கேளுங்க. மாத்தணும்னா சொல்லுங்க” என்று தங்கள் இயக்குநரிடம். அதே கேள்வியை “சார்” போட்டு ஆலைக்காரரிடம். பொதுவில் தன் தரப்பு எப்படி வரப்போகிறது என்று முன்னமே கேட்டவர், சொல்லைப் பிடித்துத் தொங்க மாட்டார். இந்தப் போன் இல்லாமல் அனுப்பிய தொகுப்புகள்தான் பெரும்பாலும் தோற்கின்றன.

பலித்ததா என்பது அடுத்து வரும் பதிலிலேயே தெரியும். பதில் சின்னதாகி, அதில் ஓர் எண்ணோ ஒரு சீட்டோ இணைந்து வந்தால் சரி. ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று வந்தாலும் பாதகமில்லை. அந்த வரியை மட்டும் அவர் சொன்னபடி திருத்தி அனுப்ப வேண்டும், விளக்கம் கூடாது. இரண்டாவது தடவையும் சூடு தணியாவிட்டால் மூன்றாவது தொகுப்பு வேண்டாம். துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு பஸ் இருக்கிறது. இரண்டு மீட்டரையும் ஒரே மேஜையில் வைத்து ஒரே சோளத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

எல்லாச் சண்டைக்கும் இது பொருந்தாது. ஒருவர் வேண்டுமென்றே பணத்தை நிறுத்தி வைத்திருந்தாலோ, சாதியைச் சொல்லி எழுதியிருந்தாலோ, இரு தரப்பையும் சமமாக வைத்து எழுதும் குறிப்பு அநியாயத்துக்குத் துணை போகும். அங்கே அந்தக் கடிதத்தை அழிக்காமல் பத்திரப்படுத்தி, உரிய இடத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

நம் லோடில் 5,280 ரூபாயை ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டு முடிக்கலாம். அடுத்த லோடிலிருந்து, ஏற்றும் இடத்தில் பல மூட்டைகளில் எடுத்த சோளத்தைக் கலந்து, காற்றுப் புகாத மூன்று பைகளில் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒட்டுவதாக ஒரு வரி ஒப்பந்தத்தில் ஏறும். ஒன்று லாரியோடு போகும், ஒன்று இங்கே இருக்கும், மூன்றாவதைத் தகராறு வந்தால் மட்டும் பிரிப்பார்கள்.